நான்காக மடித்த சீட்டு

மூன்றாவது முறையாக மருந்துக் கடைக்குப் போய், இருமல் மிட்டாய் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினான் குமரன். "வேறென்ன தம்பி?" என்று கடைக்கார அக்கா கேட்டபோது, பின்னால் கல்லூரி மாணவிகள் இருவர் நின்றிருந்தார்கள். சட்டைப் பையில் 'மூலத்துக்குக் களிம்பு' என்று எழுதி நான்காக மடித்த சீட்டு, வியர்வையில் மை கலைந்து கிடந்தது.

பத்து நாட்களாக வகுப்பில் ஒருபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தான். கழிப்பறைக்குப் போகப் பயந்து விடுதிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தான். தண்ணீரையும் குறைத்தான். பாவம், அதனாலேயே மலம் இன்னும் இறுகியது. அன்று காலை ரத்தத்தைக் கண்டதும் கை நடுங்கியது.

இரவு விளக்கை அணைத்த பிறகு, இருட்டைப் பார்த்துச் சொன்னான். "செல்வம், எனக்கு மூலம் வந்திருக்கிறதடா."

எதிர்க் கட்டில் கிறீச்சிட்டது. சிரிப்பு வரும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தான்.

"அதற்காகத்தான் தலையணை மேல் உட்கார்ந்து படித்தாயா? அப்பா லாரி ஓட்டுகிறவர், அவருக்கும் இருந்தது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காருவார், வலி குறையும். ரத்தம் வந்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். காலையில் நானும் வருகிறேன்."

சற்று நேரம் கழித்துத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று இருட்டில் அவன் கையைத் தொட்டது.

மறுநாள் மருந்துச் சீட்டைக் குமரனே நீட்டினான். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. களிம்பை எடுத்து வைத்துவிட்டு, "கீரை நிறையச் சாப்பிடு தம்பி" என்றார்.