12 அடி சி-பேண்ட் டிஷ் பொருத்தும் குறிப்பு: மதுரை, ஜிசாட்-30 செயற்கைக்கோள் (83° கிழக்கு)

கெயின் என்பது டிஷ் சிக்னலைக் குவித்துத் தரும் பெருக்கம். இந்த டிஷ்ஷுக்கு 4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 41 டெசிபல். குறி முக்கால் டிகிரி தப்பினாலே சிக்னல் பாதியாகிவிடும்.

முதலில் கம்பத்துக்கு ரசமட்டம் வையுங்கள். அப்புறம் ஏற்றக் கோணம் 77°, திசைக் கோணம் வடக்கிலிருந்து வலச்சுற்றாக 154°. காம்பஸை இரும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

போலரைசேஷன், அதாவது அலை அதிரும் தளம்: வெர்டிகலுக்கு ரிசீவரிலிருந்து 13 வோல்ட், ஹாரிசான்டலுக்கு 18. டிஷ் குவிக்கும் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியைச் சுமார் 26° சாய்த்து, மீட்டரில் C/N, அதாவது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், உச்சம் தொடும்வரை நூல் நூலாகத் திருப்புங்கள். ஸ்ட்ரெங்த்தை மட்டும் நம்ப வேண்டாம். எதிர் போலரைசேஷன் கலந்தாலும் அது ஏறிக் காட்டும்.

போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும்.