அக்கவுண்டன்சி டீச்சர், இனி கார்ப்பரேட் டிரெய்னர் | ஃபைனான்ஸ் ப்ராசஸ் டிரெய்னிங், ஃப்ரெஷர் ஆன்போர்டிங் | தமிழ் + இங்கிலீஷ் | திருப்பூர், கோயம்புத்தூர்

என்னைப் பத்தி

இந்த இடத்துல போன மாசம் வரைக்கும் "முதுகலை ஆசிரியை, வணிகவியல், எம்.காம்., பி.எட்., +2வில் தொடர்ந்து நூறு சதவீத தேர்ச்சி"ன்னு ஒரே வரிதான் இருந்துச்சு. ஸ்கூலுக்கு அப்ளை பண்ண அது போதும், ஆனா ஒரு கம்பெனி எச்.ஆர். அதைப் படிச்சா இவங்களை வெச்சு நாம என்ன பண்றதுன்னுதான் யோசிப்பாங்க. அதனால நான் தினமும் செய்யுற வேலையை அப்படியே பிரிச்சு எழுதிட்டேன்.

14 வருஷமா திருப்பூர்ல ஒரு மெட்ரிக் ஹையர் செகண்டரி ஸ்கூல்ல +1, +2 பசங்களுக்கு காமர்ஸ், அக்கவுண்டன்சி எடுக்குறேன். ஒரு கிளாஸ்ல 50, 55 பேர் இருப்பாங்க, பாதி பேர் விரும்பி குரூப் எடுத்தவங்க, மீதி பேர் சயின்ஸ் குரூப் கிடைக்காம வந்து உட்கார்ந்தவங்க. டெபிட் எது கிரெடிட் எதுன்னே தெரியாம ஜூன்ல வர்ற பசங்க மார்ச்ல ஃபைனல் அக்கவுண்ட்ஸ் தனியா போட்டு டேலி பண்ணியாகணும், பரீட்சை டேட் தள்ளிப்போகாது. கம்பெனியில ஃப்ரெஷர் பேட்ச்சை ப்ரொடக்‌ஷனுக்கு ரெடி பண்றதும் இதே மாதிரி வேலைதான்னு எனக்குத் தோணுது, டைம்தான் இன்னும் கம்மி.

யாருக்குப் புரியலைன்னு கேள்வி கேக்காமலே கண்டுபிடிக்கறது எனக்கு நல்லா வரும். பேங்க் ரீகன்சிலியேஷன் நடத்தும்போது எல்லாரும் தலையாட்டுவாங்க, ஆனா "கேஷ் புக் பேலன்ஸ்ல ஆரம்பிக்காதீங்க, பாஸ்புக் பேலன்ஸ்ல இருந்து போடுங்க"ன்னு கணக்கைத் திருப்பிக் குடுத்தா கால்வாசி பேர் பேனா நின்னுடும். எங்க நிக்குதுன்னு பார்த்து அடுத்த நாள் கிளாஸையே மாத்துவேன். பி.பி.டி. எவ்ளோ அழகா இருந்தாலும் இந்த இடத்துல அது உதவாது, சாக்பீஸும் போர்டும் போதும்.

கிளாஸ்ரூம்ல செஞ்சது, கம்பெனிக்கு எங்க உதவும்

2018ல +1க்கும் 2019ல +2க்கும் புது புக் வந்துச்சு, +2 அக்கவுண்டன்சில டேலிக்குன்னு ஒரு சாப்டரே வெச்சாங்க. எங்க ஸ்கூல்ல அதை சாஃப்ட்வேர்ல தொட்டுப் பார்த்தவங்க யாரும் இல்ல. நான் லீவ்ல போய் கத்துக்கிட்டு வந்து, கம்ப்யூட்டர் லேப் டைம்டேபிள்ல பீரியட் கேட்டு வாங்கி, முதல்ல எங்க டிபார்ட்மென்ட் டீச்சர்ஸுக்கு எடுத்தேன், அப்புறம்தான் பசங்களுக்கு. ஸ்டெப் பை ஸ்டெப்பா ஸ்கிரீன்ஷாட் ஒட்டி ஒரு கையேடு போட்டேன், இன்னும் அதுதான் ஓடிட்டு இருக்கு. டிரெயின் தி டிரெய்னர், எஸ்.ஓ.பி. எழுதறதுன்னு நீங்க கேக்குறது இதைத்தான்.

2020 மார்ச்ல ஸ்கூல் மூடினதும் கூகுள் மீட்ல கிளாஸ். வீட்டுக்கு ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிருவார். ஒரு மணி நேர கிளாஸ் வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு கான்செப்ட்டையும் எட்டு நிமிஷ வீடியோவா போன்லயே எடுத்து வாட்ஸ்அப்ல போட்டேன், கடைசியில ஒரே ஒரு கணக்கு, ராத்திரி பத்து மணிக்குள்ள நோட்டை போட்டோ எடுத்து அனுப்பணும். அனுப்பாதவங்களுக்கு மறுநாள் நானே கூப்பிடுவேன். ஆன்லைன் டிரெய்னிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குறவங்களை எப்படி உள்ள இழுக்கறதுன்னு கேட்டா என்கிட்ட கொஞ்சம் ஐடியா இருக்கு.

2021ல +2 பரீட்சை ரத்தாகி, பத்தாவது மார்க்ல 50 சதவீதம், +1ல 20, +2 ப்ராக்டிகல், இன்டர்னல்ல 30ன்னு கணக்கு வந்தப்போ, கோவமா வந்த பேரண்ட்ஸை உட்கார வெச்சு அவங்க பிள்ளையோட மார்க்கையே பேப்பர்ல போட்டுக் காட்டி அனுப்பினது நான்தான். எதிர்ல இருக்குறவங்க கத்தும்போது நம்ம குரல் ஏறாம பேசறதை எந்த கோர்ஸ்லயும் முழுசா சொல்லிக் குடுக்க முடியாது, பி.டி.ஏ. மீட்டிங்ல தானா வந்துரும்.

கொஸ்டின் பேப்பர் ப்ளூபிரிண்ட் போடறது, மெதுவா கத்துக்கறவங்களுக்குத் தனி மெட்டீரியல், ஸ்லிப் டெஸ்ட், மார்க் அனாலிசிஸ், புதுசா சேர்ற டீச்சர் கிளாஸை பின்னாடி உட்கார்ந்து கவனிச்சு ஃபீட்பேக் சொல்றது, இதெல்லாம் வழக்கமான வேலை, விரிச்சு எழுதலை.

கம்பெனி ஆட்களுக்கு எடுத்த டிரெய்னிங்

பசங்களுக்கு எடுக்குறவங்க பெரியவங்களுக்கு எடுக்க முடியுமான்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. ரெண்டு வருஷமா சனிக்கிழமைல இங்க ஒரு பனியன் கம்பெனி பில்லிங், டிஸ்பேட்ச் ஆளுங்களுக்கு ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ், இ-வே பில் டிரெய்னிங் எடுத்துட்டு இருக்கேன். சிலருக்கு என்னை விட வயசு அதிகம், வேலை முடிஞ்ச களைப்புல வருவாங்க, "இது தெரியாமலா இத்தனை வருஷம் பில் போட்டோம்"னு ஒரு அண்ணன் முதல் நாளே கேட்டார். சட்டத்துல என்ன இருக்குன்னு ஆரம்பிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவங்க போன மாசம் கேன்சல் பண்ண இ-வே பில், கேன்சல் பண்ண வேண்டியிருந்த பில் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து டேபிள்ல பரப்பி, எதுல தப்புன்னு அவங்களையே பிரிக்கச் சொன்னேன். பின்கோடு தப்பு, வண்டி நம்பர் தப்பு, எச்.எஸ்.என். கோடு தப்புன்னு மூணு கட்டு வந்துச்சு, 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணாம விட்டது தனியா ஒரு சின்ன கட்டு. அதுல இருந்துதான் சிலபஸே போட்டேன். அந்த அண்ணன்தான் இப்போ புது ஆளுங்களுக்கு முதல் நாள் சொல்லிக் குடுக்குறார். கேன்சல் ஆகுற பில் பாதிக்கு மேல குறைஞ்சிருக்குன்னு அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சொன்னார், அவர் ரெஃபரன்ஸ் தர ரெடியா இருக்கார்.

இப்போ கத்துக்கிட்டு இருக்கறது

கிர்க்பாட்ரிக் சொல்ற நாலு லெவல்ல ஸ்கூல் பெரும்பாலும் ரெண்டாவதோட நின்னுடும், படிச்சாங்களா மார்க் வந்துச்சா, அவ்ளோதான். கத்துக்கிட்டதை வேலையில செய்யுறாங்களா, அதனால கம்பெனிக்கு என்ன ஆச்சுன்னு அளக்குறது எனக்கு அந்த பனியன் கம்பெனியில கிடைச்ச அளவுதான் பழக்கம், அதை இன்னும் ஒழுங்கா படிச்சுட்டு இருக்கேன். ஏ.டி.டி.ஐ.இ. முறையில ஒரு முழு கோர்ஸ் டிசைன் பண்ணி மூடுல் சாஃப்ட்வேர்ல ஏத்திப் பார்த்திருக்கேன். பெரிய ஈ.ஆர்.பி.ல வேலை செஞ்ச அனுபவம் கிடையாது, ஆனா பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, இன்வாய்ஸ் மூணும் எதுக்கு ஒத்துப்போகணும்னு லாஜிக் தெரியும், எந்த பட்டனை அமுக்கணும்னு உங்க டீம் ஒரு வாரம் காட்டினா போதும்.

என்ன மாதிரி வேலை தேடுறேன்

ஃபைனான்ஸ் அண்ட் அக்கவுண்டிங் பி.பி.ஓ.ல ப்ராசஸ் டிரெய்னர், எக்ஸ்போர்ட் கம்பெனியோட லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட் டீம், இல்ல காலேஜ்ல இருந்து நேரா வர்ற பி.காம். பேட்ச்சுக்கு ஆன்போர்டிங். தமிழ் மீடியம்ல படிச்சுட்டு இங்கிலீஷ்ல இன்வாய்ஸ் பார்த்துத் திணறுற பசங்க இருக்குற பேட்ச்னா கண்டிப்பா கூப்பிடுங்க, அந்தப் பசங்க எந்த இடத்துல மாட்டுவாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். மோட்டிவேஷனல் ஸ்பீச் மட்டும் கேட்டா நான் செட் ஆக மாட்டேன்.

கோயம்புத்தூர் தினமும் வர முடியும், சென்னை, திருச்சின்னா மாசத்துல ஒரு வாரம் வரைக்கும் டிராவல் ஓகே, நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம். +2 பரீட்சை முடியாம பசங்களை விட்டுட்டு வர மாட்டேன், ஏப்ரல் கடைசியில ரிலீவ் ஆகிடுவேன், மே முதல் வாரம் ஜாயின் பண்ணலாம். அதுக்கு முன்னாடி டெமோ பார்க்கணும்னா எந்த சனிக்கிழமையும் சரி, பேங்க் ரீகன்சிலியேஷன் 40 நிமிஷம் எடுக்கறேன், வேற டாபிக் நீங்களே குடுக்குறதா இருந்தா ரெண்டு நாள் முன்னாடி இங்க மெசேஜ் போட்டுடுங்க.