முதல் திருப்புதல் தேர்வு, ஜனவரி 2026: 10, 11, 12 வகுப்புகளுக்கான கால அட்டவணை

அரசு மேல்நிலைப் பள்ளி, தேர்வுப் பிரிவு
வெளியிட்ட நாள்: 12.01.2026, திங்கள்

பொங்கல் விடுமுறைக்குக் கிளம்பும் முன் இந்தத் தாளை ஒவ்வொரு மாணவரும் கையில் வாங்கிப் போக வேண்டும். வேப்பமரத்தடி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம். வீட்டில் கண்ணில் படும் இடத்தில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். விடுமுறை முடிந்து 19.01.2026 திங்கள் அன்று பள்ளி வழக்கம்போல் நடக்கும். மறுநாளே தேர்வு.

அட்டவணையைப் படிக்கும் முன்

அரையாண்டுத் தேர்வில் 11-ஆம் வகுப்பு மாணவிகள் இருவர் காலைத் தேர்வைப் பிற்பகல் என்று நினைத்து மதியம் 1 மணிக்கு வந்து நின்றார்கள். படித்துவிட்டு வந்த பிள்ளைகள் எழுத முடியாமல் அழுதுகொண்டே திரும்பியதைப் பார்க்க எங்களுக்கும் கஷ்டமாக இருந்தது. அப்போது கொடுத்த தாளில் மூன்று வகுப்புகளும் ஒரே கட்டத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. தவறு எங்கள் தாளில்தான். அதனால் இந்த முறை வகுப்புக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். உங்கள் வகுப்புக் கட்டத்தை மட்டும் பாருங்கள். தேதி, கிழமை, வேளை மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்.

வேளைகள்

| | முற்பகல் | பிற்பகல் |
|---|---|---|
| முதல் மணி, வரிசையில் நிற்க | 9.45 | 1.30 |
| தேர்வறைக்குள் | 9.55 | 1.40 |
| வினாத்தாள் தருதல், படிக்க 10 நிமிடம் | 10.00 | 1.45 |
| விடைத்தாள் தருதல், விவரம் நிரப்ப 5 நிமிடம் | 10.10 | 1.55 |
| எழுதத் தொடங்குதல் | 10.15 | 2.00 |
| ஒரு மணி நேரம் முடிந்ததற்கான மணி | 11.15 | 3.00 |
| இரண்டு மணி நேரம் முடிந்ததற்கான மணி | 12.15 | 4.00 |
| எச்சரிக்கை மணி | 1.10 | 4.55 |
| தேர்வு முடிவு | 1.15 | 5.00 |

12-ஆம் வகுப்பு (எல்லா நாளும் முற்பகல்)

| தேதி | கிழமை | அறிவியல் பிரிவுகள் | வணிகவியல் பிரிவு |
|---|---|---|---|
| 20.01.2026 | செவ்வாய் | தமிழ் (90) | தமிழ் (90) |
| 22.01.2026 | வியாழன் | ஆங்கிலம் (90) | ஆங்கிலம் (90) |
| 23.01.2026 | வெள்ளி | இயற்பியல் (70) | பொருளியல் (90) |
| 27.01.2026 | செவ்வாய் | கணிதம் (90) | வணிகவியல் (90) |
| 29.01.2026 | வியாழன் | வேதியியல் (70) | கணக்குப் பதிவியல் (90) |
| 30.01.2026 | வெள்ளி | உயிரியல் (70) அல்லது கணினி அறிவியல் (70) | கணினிப் பயன்பாடுகள் (70) |

10-ஆம் வகுப்பு (எல்லா நாளும் முற்பகல்)

| தேதி | கிழமை | பாடம் | மதிப்பெண் |
|---|---|---|---|
| 20.01.2026 | செவ்வாய் | தமிழ் | 100 |
| 22.01.2026 | வியாழன் | ஆங்கிலம் | 100 |
| 27.01.2026 | செவ்வாய் | கணிதம் | 100 |
| 29.01.2026 | வியாழன் | அறிவியல் | 75 |
| 30.01.2026 | வெள்ளி | சமூக அறிவியல் | 100 |

11-ஆம் வகுப்பு (புதன்கிழமைகளில் முற்பகல், மற்ற நாட்களில் பிற்பகல்)

| தேதி | கிழமை | வேளை | அறிவியல் பிரிவுகள் | வணிகவியல் பிரிவு |
|---|---|---|---|---|
| 21.01.2026 | புதன் | முற்பகல் | தமிழ் (90) | தமிழ் (90) |
| 22.01.2026 | வியாழன் | பிற்பகல் | ஆங்கிலம் (90) | ஆங்கிலம் (90) |
| 23.01.2026 | வெள்ளி | பிற்பகல் | இயற்பியல் (70) | பொருளியல் (90) |
| 28.01.2026 | புதன் | முற்பகல் | கணிதம் (90) | வணிகவியல் (90) |
| 29.01.2026 | வியாழன் | பிற்பகல் | வேதியியல் (70) | கணக்குப் பதிவியல் (90) |
| 30.01.2026 | வெள்ளி | பிற்பகல் | உயிரியல் (70) அல்லது கணினி அறிவியல் (70) | கணினிப் பயன்பாடுகள் (70) |

11-ஆம் வகுப்பினர் அந்த இரண்டு புதன்கிழமைகளையும் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். மற்ற இரு வகுப்புகளுக்கும் புதன் அன்று தேர்வு இல்லாததால் அறைகள் காலையிலேயே காலியாக இருக்கும். அதனால்தான் அந்த மாற்றம். பொதுத்தேர்வு இல்லாத வகுப்புதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். இப்போது விட்ட பாடம் ஜூன் மாதம் 12-ஆம் வகுப்பில் முதல் வாரமே எதிரில் வந்து நிற்கும்.

தேர்வு இல்லாத நாட்கள்

20, 27 தேதிகளில் 11-ஆம் வகுப்புக்கும், 21, 28 தேதிகளில் 10, 12 வகுப்புகளுக்கும் பாடவேளைகள் உண்டு. 23 வெள்ளியன்று 10-ஆம் வகுப்புக்கும் அப்படியே. அன்று முழுவதும் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சந்தேகம் கேட்கும் வகுப்பு. வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று விடுப்பு எடுக்க வேண்டாம்.

26.01.2026 திங்கள், குடியரசு நாள். காலை 8 மணிக்குக் கொடியேற்றம். வந்து கலந்துகொண்டு, மறுநாள் கணிதம், வணிகவியலுக்குப் படிக்க வீட்டுக்குப் போகலாம். இந்த விடுமுறையைக் கணக்கில் எடுத்ததால்தான் வேதியியலும் உயிரியலும் அடுத்தடுத்த நாளில் வந்துவிட்டன. 12-ஆம் வகுப்பு மாணவர்கள் இடைவெளி கேட்டீர்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு இருப்பதால் ஜனவரியைத் தாண்ட முடியவில்லை. உயிரியலை 24, 25 சனி ஞாயிறிலேயே ஒரு சுற்று முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

30-ஆம் தேதி காலை 11 மணி

ஜனவரி 30 தியாகிகள் நாள். காலை 11 மணிக்கு மணி அடித்ததும் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும். மறுபடி மணி அடித்ததும் எழுதலாம். அந்த இரண்டு நிமிடமும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அன்று முற்பகல் தேர்வு 1.17-க்கு முடியும்.

தேர்வறைகள்

| வகுப்பு | மாணவர் எண்ணிக்கை | அறைகள் |
|---|---|---|
| 12 | 118 | 1 முதல் 6 வரை, தரைத்தளம் |
| 10 | 146 | 7 முதல் 14 வரை, மாடி |
| 11 | 124 | 1 முதல் 7 வரை |

ஒரு அறைக்கு 20 பேர், ஒரு பெஞ்சுக்கு ஒருவர். எந்த அறை, எந்த இடம் என்பதை தினமும் காலை 9 மணிக்குள் அறை வாசலில் ஒட்டிவிடுவோம்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. அவர்களுக்கு எப்போதும் தரைத்தளத்து 1-ஆம் அறைதான். சொல்வதை எழுதுபவர் தேவைப்படும் மாணவர்களுக்கு நூலகத்தை அடுத்த சிறிய அறை. பொதுத்தேர்விலும் இந்தச் சலுகை வேண்டுவோர் இப்போதே பழகிக்கொள்வது நல்லது. சொல்லி எழுத வைப்பதும் ஒரு பயிற்சிதான். எங்கே நிறுத்த வேண்டும், எந்த வரியை அடிக்கோடிடச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இரண்டு தேர்வு எழுதினால்தான் கை வரும்.

மாணவர்களுக்கு

முதல் பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். வினாத்தாளை வாங்கியதும் தெரிந்த கேள்வியைத் தேடி மனசுக்குள் எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள். அதை விட்டுவிட்டு, தாள் முழுவதையும் ஒரு முறை படியுங்கள். கட்டாய வினா எது என்று பாருங்கள். 10-ஆம் வகுப்புக் கணிதத்தில் 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாயம். அரையாண்டில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட 42-ஐ விட்டுவிட்டு வேறொரு 5 மதிப்பெண் வினாவைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். எழுதிய கணக்கு சரி, ஆனால் மதிப்பெண் கிடையாது. திருத்தும் ஆசிரியருக்கு மனசு கேட்காது. இருந்தாலும் போட வழியில்லை.

வரைபடமும் வடிவியலும் தலா 8 மதிப்பெண். வரைபடத் தாளைப் பள்ளியே தரும். அளவுத்திட்டத்தை வலது மேல் மூலையில் எழுதுங்கள். காம்பஸ், பென்சில், அளவுகோல் நீங்களே கொண்டுவர வேண்டும். அறைக்குள் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கக் கூடாது. பென்சிலை முந்தின நாள் ராத்திரியே சீவி வையுங்கள்.

சமூக அறிவியலுக்கு நிலவரைபடம் வினாத்தாளோடு வரும். குறித்து முடித்ததும் விடைத்தாளோடு சேர்த்துக் கட்ட மறக்காதீர்கள். இயற்பியல், வேதியியலுக்கு லாக் புத்தகம் அறையில் இருக்கும்.

நீலம் அல்லது கறுப்பு மை மட்டும். ஸ்கெட்ச் பேனா, வண்ணப் பென்சில் வேண்டாம். விடைத்தாளின் முகப்பைத் தவிர உள்ளே எங்கும் பெயரோ எண்ணோ எழுதக் கூடாது. கைபேசி, ஸ்மார்ட் வாட்ச் எதையும் பள்ளிக்கே கொண்டுவர வேண்டாம். நேரம் பார்க்க ஒவ்வொரு அறையிலும் சுவர்க் கடிகாரம் மாட்டியாயிற்று.

காப்பி அடித்து வாங்கும் மதிப்பெண்ணால் இந்தத் தேர்வில் ஒரு பயனும் இல்லை. உங்களுக்கு எந்தப் பாடத்தில் எந்த இடம் தெரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் மார்ச்சுக்குள் அதைச் சொல்லித்தர முடியும். தெரியாத இடம் காலியாகவே இருக்கட்டும்.

தாமதமாக வந்தால்

10.30 வரை அல்லது பிற்பகலில் 2.15 வரை உள்ளே விடுவோம். கூடுதல் நேரம் கிடையாது. அதற்கு மேல் வந்தால் திரும்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நேரே தலைமையாசிரியர் அறைக்கு வந்து காரணத்தைச் சொல்லுங்கள். காய்ச்சல், அம்மை, வீட்டில் துக்கம் போன்ற காரணங்களால் எழுத முடியாதவர்களுக்கு 02.02.2026 திங்கள், 03.02.2026 செவ்வாய் இரண்டு நாளும் மறுதேர்வு உண்டு. அம்மை போட்ட பிள்ளையை யாரும் கட்டாயப்படுத்தி அனுப்ப வேண்டாம்.

சாப்பாடும் பேருந்தும்

10-ஆம் வகுப்பினருக்குத் தேர்வு முடிந்ததும் 1.20-க்குச் சத்துணவு. தாமதமாகிறதே என்று சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். பிற்பகல் தேர்வு எழுதும் 11-ஆம் வகுப்பினர் வழக்கம்போல் 9.30-க்கே வந்துவிட வேண்டும். 12.30 வரை பின்கட்டிடத்து வகுப்பறைகளில் படிக்கலாம். கொண்டுவந்த சாப்பாட்டை 1 மணிக்குள் முடித்துவிடுங்கள். முற்பகல் தேர்வு நடக்கும்போது தாழ்வாரத்தில் சத்தம் வேண்டாம்.

மாலை 5 மணிக்குத் தேர்வு முடிவதால் 4.20 டவுன் பஸ் கிடைக்காது. அடுத்த பஸ் 5.35-க்குத்தான். மாணவிகள் நிறுத்தத்தில் நிற்க வேண்டாம். 5.30 வரை பள்ளி வளாகத்திலேயே இருக்கலாம், இரண்டு ஆசிரியைகள் கூட இருந்து பஸ் ஏற்றிவிடுவார்கள். அழைத்துப் போக வரும் பெற்றோர் வாசலில் உள்ள ஏட்டில் கையெழுத்திட்டு அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோருக்கு

இந்தப் பத்து நாளும் பிள்ளைகளைக் கடைக்கோ வயலுக்கோ அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவடை நேரம், ஆள் கிடைக்காது என்பது எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறோம். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம், இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும். முந்தின தேர்வு எப்படி எழுதினாய் என்று துருவிக் கேட்காமல் அடுத்த பாடத்துக்குப் படிக்க விடுங்கள்.

திருத்திய விடைத்தாள்கள் 04.02.2026 புதன் அன்று வகுப்பில் தரப்படும். 06.02.2026 வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு 10, 12 வகுப்புகளின் பெற்றோர் கூட்டம். அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ பாட்டியோ, வீட்டில் இருந்து ஒருவர் வர வேண்டும். விடைத்தாளை உங்கள் கையில் கொடுத்தே பேசுவோம்.

கீழே உள்ள சீட்டை வெட்டி, கையெழுத்திட்டு 19.01.2026 திங்கள் அன்று வகுப்பாசிரியரிடம் தர வேண்டும்.

தேர்வுப் பொறுப்பாசிரியர்
தலைமையாசிரியர்

✂ - - - - - - - - - - - - - - - - - - - -

முதல் திருப்புதல் தேர்வு கால அட்டவணையைப் படித்தேன். என் பிள்ளையின் தேர்வு நாட்களையும் வேளைகளையும் தெரிந்துகொண்டேன். 11-ஆம் வகுப்பு என்றால், 21, 28 தேதிகளில் தேர்வு முற்பகலில் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

மாணவர் கையெழுத்து | பெற்றோர் கையெழுத்து