பின்னலாடைத் தரக் கட்டுப்பாட்டு மேலாளர், திருப்பூர்

1995-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் பீஸ் பார்க்கத் தொடங்கி, அப்புறம் கட்டிங், சாயப்பட்டறை, மெர்ச்சண்டைசிங் எனப் பல பிரிவுகளில் வேலை செய்து, இன்று 40 பேர் கொண்ட தரக் கட்டுப்பாட்டுக் குழுவை நடத்துகிறேன். துணியைத் தொட்டதுமே ஜி.எஸ்.எம். குறைவதை விரல் சொல்லிவிடும் என்றாலும், வட்டமாக வெட்டி எடை போடாமல், துவைத்துச் சுருக்கம் அளக்காமல் எந்த ரோலையும் கட்டிங்குக்கு விட்டதில்லை. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த மாதங்களில், வெளியூர்ச் சாயத்தில் வந்த ஷேடு வேறுபாடுகளை ரோல் ரோலாகப் பிரித்து வைத்து, ஆர்டர்களைத் தேதி தவறாமல் அனுப்பியதுதான் எனக்கு இன்றும் பெரிய பெருமை. குழந்தைகள் ஆடை ஏற்றுமதியில் புதிதாக இறங்கும் சிறு யூனிட்டுகளும், செக்கிங் வேலையிலிருந்து மேலே வர நினைக்கும் பெண்களும் தயங்காமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள்.