சாவி தொங்கும் ஆணியில் துணிப்பையும் தொங்கட்டும்!

குடியிருப்பில் வாழும் அனைவருக்கும் வணக்கம்.

மேலே உள்ள ஒற்றை வரிதான் இந்த ஆண்டு நமது குடியிருப்பின் முழக்கம். ஐந்து தளங்களிலும் மின்தூக்கிக்கு எதிரே உள்ள சுவரில் இது எழுதப்படும். இதன் பொருட்டு உங்களிடம் ஒரே ஒரு வேலையைத்தான் கேட்கிறோம். இன்று இரவு படுக்கப் போவதற்கு முன், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் துணிப்பை ஒன்றைத் தேடி எடுத்து, வாசற்கதவின் சாவியை எந்த ஆணியில் மாட்டுகிறீர்களோ அதே ஆணியில், சாவிக்கு மேலாக மாட்டி வையுங்கள். பையை எடுக்காமல் சாவியை எடுக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டால் வேலை முடிந்தது.

நான்கு ஆண்டுகளாக வாயிற்கதவருகே ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், பூமியைக் காப்போம்’ என்ற பலகை நின்றதை அனைவரும் அறிவோம். அதை வைத்தவர்களும் நாங்களே என்பதால் குறையைச் சொல்லும் உரிமையும் எங்களுக்கு உண்டு. அந்த வாசகத்தை மறுத்தவர் எவரும் இல்லை; அதன்படி என்ன செய்வது என்று தெரிந்துகொண்டவரும் எவரும் இல்லை. பூமியை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தக் கையால் காப்பது என்று அது சொல்லவே இல்லை. போதாக்குறைக்கு, அந்தப் பலகை ஃபிளெக்ஸில் அச்சிடப்பட்டிருந்தது. வெயிலில் வெளுத்து, ஓரம் நைந்து, கடைசியில் அதுவே குப்பைக்குப் போயிற்று. ஆகவே, இம்முறை சுவரில் சுண்ணாம்பும் காவியும் கொண்டு எழுதுவதென்றும், இந்தத் துண்டறிக்கையைப் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் அச்சிடுவதென்றும் முடிவு செய்தோம்.

முழக்கத்தைத் தேடுவதற்கு முன் ஒரு வாரம், கடையிலிருந்து பாலித்தீன் பையுடன் திரும்பியவர்களிடம் காரணம் கேட்டோம். துணிப்பை இல்லை என்றவர் ஒருவர்கூட இல்லை. சிலர் வீட்டில் ஏழு, எட்டு பைகள் இருக்கின்றன; அவை அலமாரியின் அடித்தட்டில், ஒன்றுக்குள் ஒன்றாகத் திணிக்கப்பட்டு, திருமண வீட்டு முகவரியோ விழாப் பெயரோ தாங்கியபடி உறங்குகின்றன. எல்லாரும் சொன்ன விடை ஒன்றுதான்: ‘மறந்துவிட்டேன்.’ பொருளை வாங்கிப் பணத்தை எடுக்கும் தறுவாயில்தான் பையின் நினைவு வருகிறது; அப்போது பை அடித்தட்டில், நாம் கடைத்தெருவில். மறதியை அறிவுரையால் வெல்ல முடியாது. இடத்தை மாற்றினால் வெல்லலாம். ‘இனி இப்படி நடப்பேன்’ என்ற பொதுவான உறுதியைக் காட்டிலும், ‘இந்த வேளை வந்தால் இதைச் செய்வேன்’ என்று ஒரு செயலை மற்றொரு நிகழ்வோடு முடிச்சுப் போட்டு வைப்பது கூடுதலாகப் பலிக்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999இல் விரிவாக எழுதினார். வீட்டைப் பூட்டுவது நாம் ஒருபோதும் மறக்காத செயல். அதன் கழுத்தில் பையைக் கட்டிவிடுகிறோம். வேறு தந்திரம் இதில் இல்லை.

நாம் கைவிடச் சொல்லும் அந்தப் பையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்தாறு கிராம் எடை இருக்கும். ஐந்து கிலோவைச் சளைக்காமல் சுமக்கும். குழாய் போன்ற ஒரே படலத்தை மடித்து, மேலும் கீழும் வெப்பத்தால் ஒட்டி, மேற்பகுதியில் ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு கைப்பிடிகளுடன் பை உருவாகிவிடுகிறது. இதை வடிவமைத்தவர் சுவீடனில் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்துக்காகப் பணியாற்றிய ஸ்டென் குஸ்தாஃப் துலின். 1965இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்க, பலமுறை பயன்படும் உறுதியான பை ஒன்று வேண்டும் என்பதே அவருடைய எண்ணமாக இருந்ததாகவும், அவர் எப்போதும் ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்ததாகவும் பிற்காலத்தில் அவருடைய மகன் கூறியிருக்கிறார். இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. பாலித்தீன் பையைக் கண்டுபிடித்தவர் கடைக்குக் கையோடு பை கொண்டுபோனார். நாம்தான் வெறுங்கையோடு போகிறோம்.

அந்தப் பையின் வலிமையே பிறகு அதன் கேடாகிறது. பாலித்தீன் தண்ணீரைவிட இலேசானது; எனவே மழைநீரோடு மிதந்து செல்கிறது. படலமாக இருப்பதால் வடிகாலின் கம்பி வலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. நீர் அழுத்த அழுத்த இன்னும் இறுகுகிறது. கடந்த மழையில் நமது கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் முழங்கால் அளவு நீர் தேங்கியதே, அன்று வடிகால் மூடியைத் திறந்தபோது உள்ளே மண்ணும் இலையும் கொஞ்சம்தான் இருந்தன. வலையின் மேல் மூன்று பைகள், தோசைக்கல்லில் மாவு பரப்பியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அவற்றை உரித்து எடுத்ததும் கால் மணி நேரத்தில் நீர் வடிந்துவிட்டது. இதே காட்சியை ஒரு நாடு முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால் வங்கதேசம் தெரியும். அங்கு வெள்ளக் காலத்தில் வடிகால்களை இப்பைகள் அடைத்துக்கொண்டதனால், 2002இல் மெல்லிய பாலித்தீன் பைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாறு தடை விதித்த முதல் நாடு அதுவே.

வடிகாலைத் தாண்டிவிட்ட பை கடலுக்குப் போகிறது. மிதக்கும் பையை ஜெல்லி மீன் என்று எண்ணிக் கடலாமைகள் விழுங்குவது பலமுறை பதிவாகியுள்ளது. உலகின் மிக ஆழமான மரியானா அகழியில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில், 1998இல் எடுக்கப்பட்ட படத்தில் பிளாஸ்டிக் பை ஒன்றின் துண்டு தெரிகிறது.

‘மறுசுழற்சிக்குத்தானே போடுகிறோம்’ என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்கு உள்ளானது ஏறக்குறைய 9 விழுக்காடு மட்டுமே. ஏறக்குறைய 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. அதிலும் மெல்லிய பை, தடித்த பாட்டிலைவிடத் தொல்லை மிகுந்தது. குப்பையைத் தரம் பிரிக்கும் ஆலைகளில் சுழலும் தட்டுகளின் அச்சில் அது கூந்தல்போல் சுற்றிக்கொள்கிறது. இயந்திரத்தை நிறுத்தி, ஆட்கள் இறங்கி, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. பையைப் பிரித்துப் போடுவது நல்லதுதான். வாங்காமலிருப்பது அதனினும் எளிது.

இனி, எங்கள் பக்கத்து வாதத்தில் உள்ள ஓட்டையையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். இந்த முழக்கத்தைப் படித்ததும் யாரும் புதிய துணிப்பை வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். பருத்தியை விளைவிக்க நீரும் உரமும் நிலமும் வேண்டும். நூற்கவும் நெய்யவும் ஆற்றல் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்தும் பாலித்தீன் பையைவிடப் புவி வெப்பமாதலில் குறைந்த பங்கு வகிக்க வேண்டுமானால், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை எடுத்துச் சென்றால் பத்து மாதங்களில் அந்தக் கணக்கு நேராகிவிடும். அலமாரியில் உறங்கினால் ஒருநாளும் நேராகாது. ஆகவே முழக்கத்தில் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லே இல்லாதபடி கவனமாகப் பார்த்துக்கொண்டோம். இருக்கும் பை போதும், அழுக்கேறியிருந்தால் துவைத்துக்கொள்ளலாம், கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம்.

வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டாதவர்களும் நம்மிடையே உண்டு. சாவியைக் கிண்ணத்தில் போடுபவர்கள் பையை மடித்துக் கிண்ணத்தின் மேல் மூடிபோல் வைக்கலாம். அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் பொருள் வாங்குபவர்கள், மாலையில் எந்தச் சாவியைத் தொடுகிறார்களோ, அதாவது வண்டிச் சாவியை, அதன் வளையத்திலேயே சிறிய பை ஒன்றைச் சுருட்டிக் கட்டிக்கொள்ளலாம். எண்ணைத் தட்டித் திறக்கும் பூட்டு வைத்திருக்கும் இரண்டு வீட்டார் எங்களை மடக்கினார்கள். அவர்கள் செருப்பு கழற்றும் இடத்துக்கு மேலே ஒரு கொக்கி அடித்திருக்கிறார்கள். பை சாவியோடுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே போகும் கை தவறாமல் தொடும் ஓர் இடத்தில் இருந்தால் சரி.

கடையிலிருந்து திரும்பிப் பொருளை எடுத்து வைத்தவுடன் பை மீண்டும் ஆணிக்கே போக வேண்டும். உண்மையில் பிசகு நேர்வது இங்கேதான். எங்கள் குழுவினரின் வீடுகளில் மூன்று வாரம் இதைச் செய்து பார்த்தபோது, முதல் வாரத்தில் பை சமையலறைக் கதவின் பின்னாலேயே தங்கிவிட்டது. அடுத்த முறை கடையில் பழையபடி கை பிசைந்து நின்றோம். பிறகு அந்தப் பொறுப்பை வீட்டுச் சிறுவர்களிடம் ஒப்படைத்தோம். ஆணி வெறுமையாக இருப்பதைப் பெரியவர்களைவிட அவர்கள் விரைவில் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்ததைச் சொல்லிக்காட்டவும் தயங்குவதில்லை.

முழக்கம் சுவரில் எழுதப்படும் வடிவம் வருமாறு:

சாவி தொங்கும் ஆணியில்
துணிப்பையும் தொங்கட்டும்!
பூட்டும் கையோடு
பையும் புறப்படட்டும்!

முதல் இரண்டு வரிகள் பெரிய எழுத்தில் இருக்கும். வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டிக்கொள்ள விரும்புவோருக்கு அந்த இரண்டு வரிகள் மட்டும் கொண்ட தாள் தரப்படும். பசை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 3 பன்னாட்டுப் பிளாஸ்டிக் பை இல்லா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதற்குள் நமது 64 வீடுகளிலும் பை தொங்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். உறுதிமொழிப் படிவம், கையொப்பம், ஊர்வலம் எதுவும் கிடையாது. வீட்டில் பையே இல்லாதவர்கள் பழைய வேட்டி, சேலை, திரைச்சீலை, படுக்கை விரிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணிக்குள் கீழ்த்தளக் கூடத்துக்குக் கொண்டுவந்தால், இரண்டாம் தளத்து அம்மாக்கள் இருவர் தமது தையல் இயந்திரத்தில் அங்கேயே பை தைத்துத் தருவார்கள். கைப்பிடி அறுந்த பைகளையும் எடுத்துவரலாம். அறுந்த இடத்தில் ஒரு சதுரத் துணி வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால் புதியதைவிட நன்றாகவே தாங்குகிறது.

ஆணியும் சுத்தியலும் காவலர் அறையில் வைக்கப்பட்டுள்ளன. வாடகை வீட்டில் ஆணி அடிக்க அனுமதி இல்லாதவர்களுக்காகக் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் கொக்கிகளும் அங்கே கிடைக்கும். சுத்தியல் ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், வேலை முடிந்ததும் அதைத் திருப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

— குடியிருப்போர் சுற்றுச்சூழல் குழு