கடற்கரைப் படிப்பகத் திறப்பு விழா: நன்றியுரை
(பாம்பன் கரை, ஜூன் 14, மாலை. பேசுபவர்: மகளிர் குழுச் செயலாளர்)

எல்லாருக்கும் வணக்கம்.

எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்து இடுப்பில் செருகிவிட்டேன். அதில் இருந்த பெயரையெல்லாம் வரவேற்புரையிலேயே டீச்சர் சொல்லிவிட்டார். கட்டடம் எழும்பிய கதையை ஊர்த் தலைவர் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா 1964 டிசம்பர் புயலில் ஏற்றி இந்த வருஷத்தில் கொண்டுவந்து இறக்கினார். மறுபடியும் நான் தனுஷ்கோடிக்குக் கிளம்பினால் விடிந்துதான் ஊர் திரும்ப முடியும். அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம் இன்று ராத்திரியோடு முடிகிறது. ஐஸ் லாரி வந்து நிற்கிறது. பாதிப் பேருக்கு உடம்பு பாயில் இருக்கிறது, மனசு படகில் இருக்கிறது. மேடையில் இருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் எங்கள் குழுவின் கும்பிடு. மேடை ஏறாதவர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

உள்ளே போனவர்கள் பார்த்திருப்பீர்கள், புத்தக அலமாரி பச்சை, ஜன்னல் நீலம். அழகுக்காகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கலர் இல்லை அது. தடைக்காலத்தில் கரையேற்றிய படகுகளுக்கு அடித்தது போக டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்ட். உப்புக்காற்றுக்குத் தாங்கும் பெயிண்ட்தான் வேண்டும் என்று சொல்லி, தொழில் இல்லாத நாளில் கூலி கேட்காமல் அடித்துக் கொடுத்த அண்ணன்மார் நாலு பேரும் அதோ கடைசியில் வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். முன்னால் வரச் சொன்னால் வரமாட்டார்கள். அங்கேயே இருங்கள் அண்ணே, நாங்கள் திரும்பிப் பார்த்துக் கைதட்டுகிறோம்.

பின்னால் தொங்குகிற வலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்து வந்த பேனரைக் கச்சான் காற்று மத்தியானமே இரண்டாகக் கிழித்துவிட்டது. பேனர் இல்லாமல் விழாவா என்று நாங்கள் கையைப் பிசைந்தபோது, வலை கட்டுகிற பெரியப்பா தன் வீட்டுத் திண்ணையில் கிடந்த வலையை இழுத்து வந்து கட்டினார். "காத்து இதுக்குள்ள போயிரும் தாயி, கிழிக்காது" என்றார். அதேதான் நடந்தது.

நாற்காலி கோயிலில் இருந்து வந்தது, பாய் ஜமாஅத்தில் இருந்து, அண்டா மாதா கோயிலில் இருந்து. எது எங்கே இருந்து வந்தது என்று எங்கள் பொருளாளர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆகையால் யாரும் மாற்றி எடுத்துப்போய்விட வேண்டாம். மக்ரிப் பாங்கு நேரத்தில் யாரும் சொல்லாமலே மைக்கை நிறுத்திய ஒலிபெருக்கித் தம்பிக்கும் இங்கேயே ஒரு நன்றி.

பிள்ளைகள் ஆடும்போது கரண்டு போனதே, அப்போது படகு பேட்டரியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். நான் பேசுகிற இந்த மைக் இப்போது அதில்தான் ஓடுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது படகுக்குத் திரும்பியாக வேண்டும். அவர் அங்கே நின்று என்னையே பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் மாமா.

மண்டபம் ஊரில் இருந்து வந்த கடல் ஆராய்ச்சியாளர் ஐயா பேசியதை எல்லாரும் கேட்டீர்கள். பேசி முடித்து இறங்கிய பிறகு நடந்ததைப் பாதிப் பேர் பார்க்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அவர் சட்டையைப் பிடித்து, "ஆவுளியா தண்ணிக்குள்ள மூச்சு முட்டாதா?" என்று கேட்டது. அவர் மணலில் குந்தி உட்கார்ந்து, கடல்பசு மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும் என்று மூக்கைத் தூக்கிக் காட்டினார். பிள்ளையும் தூக்கிக் காட்டியது. மேடைப் பேச்சைவிட அதற்குத்தான் ஐயா உங்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசியாக எங்கள் ஆட்கள். நானும் பாசிக்குப் போகிறவள்தான். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குகிறோம். அதில் ஒரு நாள் எடுத்த மரிக்கொழுந்துப் பாசியை ஒவ்வொருத்தியும் தனியாகக் காயவைத்து, விற்ற காசைப் புத்தகத்துக்கென்று கொடுத்தார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கிற அந்தக் கைகளில் பல கைகளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். யார் பெயரையும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். சொல்லவில்லை. ஆனால் முன்வரிசைப் பாயில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்களே, அவர்கள்தான்.

யாரையாவது விட்டிருந்தால் நாளைக் காலையில் தண்ணீர்க் குழாயடியில் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அண்டாவில் சுக்குக் காப்பி சூடாக இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் முதலில் குடித்துவிட்டுப் போங்கள். படிப்பகச் சாவி பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டதும் திறந்துவிடுவார். இப்போது நாட்டுப்பண். எல்லாரும் எழுந்து நில்லுங்கள்.