டேங்கர் ஆப்: தமிழ் வரிகளைத் திருத்துகிறவர்களுக்கு

நீங்கள் தொடவேண்டியது `po/ta.po` என்ற ஒரே கோப்பு. அதையும் நேராகத் திறக்கவேண்டாம், பிரவுசரில் வெப்லேட்டுக்குள் நுழைந்து வரியைத் தேடித் திருத்திச் சேமித்தால் போதும், கிட்டில் சேர்ப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். அல்சூரில் நெட் இழுக்கிறது என்கிறவர்கள் கோப்பை இறக்கி போஎடிட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம். மொழிபெயர்ப்புக் கிளையில் வேறு கோப்பு ஏதாவது மாறியிருந்தால் பில்ட் நின்றுவிடும், அதனால் கோடைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயமே வேண்டாம்.

கவனம் முழுக்க `%` குறிகளில் இருக்கட்டும். ஆப் ஓடும்போது பேர், இடம், நிமிடம் எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். வரிசையை மாற்றலாம், தமிழில் மாற்றித்தான் ஆகவேண்டும், ஆனால் எண்ணையும் எழுத்தையும் அப்படியே விடவும்.

```
#, c-format
msgid "%1$s will reach %2$s in %3$d minutes"
msgstr "%3$d நிமிடத்தில் %1$s வந்துவிடுவார். இடம்: %2$s"
```

ஏன் `%2$sக்கு` என்று எழுதவில்லை? அப்படி எழுதினால் திரையில் 'இந்திராநகர்க்கு', 'கோரமங்களாக்கு' என்று வரும். இந்திராநகருக்கு, கோரமங்களாவுக்கு என்று உகரமும் வகரமும் போட ஆப்புக்குத் தெரியாது. வேற்றுமை உருபை ஒட்டாமல் வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள். குறியை ஒட்டித் தமிழ் எழுத்து வந்தால் நிறுத்துகிற ஸ்கிரிப்ட் ஒன்றையும் பில்டில் போட்டிருக்கிறோம், `%d%%` மாதிரி இடங்களை அது ஒன்றும் செய்யாது.

குறி விட்டுப்போனாலோ `%d` தவறி `%s` ஆனாலோ பிடிப்பது இது:

```
msgfmt --check -o /dev/null po/ta.po
```

சிவப்பு விழுந்தால் வரி எண்ணோடு வரும், அந்த வரியை மட்டும் சரிசெய்து சேமித்தால் மறுபடி தானே ஓடும்.

'fuzzy' என்று குறி விழுந்த வரி எந்தச் சத்தமும் போடாது, பில்டும் பச்சையாகவே இருக்கும், ஆனால் `msgfmt` அதைச் சேர்க்காமல் விட்டுவிடுவதால் டிரைவருக்கு ஆங்கிலம்தான் தெரியும். ஆங்கில மூலத்தில் யாராவது ஒரு சொல்லை மாற்றினாலே இந்தக் குறி வந்துவிடும். வெள்ளிக்கிழமை வெளியீடு என்பதால் வியாழன் மாலைக்குள் இவற்றைப் பார்த்து முடித்துவிடுங்கள். ஒருமை பன்மை இரண்டும் தமிழில் ஒரே மாதிரி இருந்தாலும் `msgstr[0]`, `msgstr[1]` இரண்டையும் நிரப்பவேண்டும்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை ஒட்டாதீர்கள். யூனிகோடில்கூட 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தால் பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. இதை மட்டும் பில்ட் தானே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும்.

நடையை எந்தச் சோதனையும் பிடிக்காது. ஓசூர்ப் பக்கத்து டிரைவர் சர்ஜாபூர் ரோட்டில் சிக்னலில் நின்றபடி படிப்பார், 'லோடு இறக்கியாச்சா?' என்றே எழுதுங்கள். சந்தேகம் இருக்கிற வரியில் வெப்லேட்டிலேயே கருத்து போடுங்கள், வாட்ஸப்பில் போட்டால் காணாமல் போய்விடுகிறது.